பாதிப் பேர் ஓடுகிறார்களா, புதியவர்கள் மட்டுமா?

"வருடத் தொடக்கத்தில் 200 பேர், முடிவில் 220. வேலையை விட்டவர்கள் 60 பேர், அதில் 42 பேர் சேர்ந்து 90 நாளுக்குள் போனவர்கள். விலகல் விகிதம் எவ்வளவு? முதலாளி சம்பளம்தான் காரணம் என்கிறார்."

சராசரி ஆள் எண்ணிக்கை 210. 60-ஐ அதால் வகுத்தால் 28.6%. ஆனால் அந்த எண்ணை மட்டும் முதலாளியிடம் காட்டாதீர்கள். பழைய ஆட்களும் கிளம்புகிறார்கள் என்று தோன்றிவிடும். 90 நாள் தாண்டியபின் போனவர்கள் 18 பேர்தான்.

சீக்கிரம் விலகியோர் விகிதத்துக்கு வகுக்க வேண்டியது மொத்த ஆட்களை அல்ல, புதிதாகச் சேர்ந்தவர்களை. உங்கள் கணக்கில் 80 பேர் சேர்ந்திருக்கிறார்கள் (220 − 200 + 60). அந்த 42 பேரும் இதே வருடம் சேர்ந்தவர்கள் என்றால் 52.5%. இங்கேதான் பலரும் தவறுவார்கள்: கடைசி மூன்று மாதத்தில் சேர்ந்தவர்களுக்கு 90 நாள் இன்னும் முடியவில்லை. அப்படி 20 பேர் இருந்து, அதில் 6 பேர் போயிருந்தால், 42-லிருந்து அந்த 6 பேரையும், 80-லிருந்து அந்த 20 பேரையும் கழித்துவிடுங்கள். 36-ஐ 60-ஆல் வகுத்தால் 60%. உண்மை நிலை இன்னும் மோசம்.

சரி, காரணம் சம்பளமா? இந்த எண் அதைச் சொல்லாது. 42 பேரும் சேர்ந்த எத்தனையாவது நாளில் போனார்கள் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். முதல் வாரத்திலேயே குவிந்தால், சேர்க்கும்போது சொன்ன வேலையும் தந்த வேலையும் வேறாக இருந்திருக்கலாம். முதல் சம்பளத்துக்கு மறுநாள் குவிந்தால் சம்பளத்தில் பிடித்தம் போன்றவற்றை விசாரியுங்கள். அப்புறம், எந்த மேற்பார்வையாளரின் கீழ் என்று பிரியுங்கள். ஒருவரிடம் ஐந்தே பேர் சேர்ந்திருந்தால் சதவீதம் போடாதீர்கள். ஒரு ஆள் போனாலே 20% ஆகிவிடும். அங்கே ஆளைக் கூப்பிட்டுப் பேசுவதுதான் வழி.