அப்பா அம்மா கல்யாண நாள் பரிசுக்குப் போஸ்ட் எப்போது போடணும்?

"பெயர், போட்டோ போட்ட பரிசுகள் செய்யும் கடை வைத்திருக்கிறேன். அப்பா அம்மா கல்யாண நாளுக்குப் போஸ்ட் போட்டால், நாலு நாள் இருக்கும்போதுதான் கேட்கிறார்கள். 'ஏழு நாளில் டெலிவரி' என்று எழுதியும் சண்டை வருகிறது. எப்போது, எப்படிப் போடணும்?"

"ஏழு நாள்" என்று எழுதினால், பணம் கட்டிய நாளிலிருந்து வாடிக்கையாளர் எண்ணுவார். உங்களுக்கோ நல்ல போட்டோ கைக்கு வந்த பிறகுதான் வேலையே தொடங்கும். சண்டை அங்கேதான் பிறக்கிறது. அதனால் நாள் கணக்கை விட்டுவிட்டுத் தேதியை எழுதுங்கள்.

செப்டம்பர் 10 கல்யாண நாளுக்குப் பழைய கல்யாணப் போட்டோவைச் சரிசெய்து 12x18 அங்குல ஃபிரேம் போடுவதாக வைத்துக்கொள்வோம். 8-ஆம் தேதியே வீட்டில் இருக்க வேண்டும். கூரியருக்கு மூன்று நாள் என்றால் 5-ஆம் தேதி அனுப்பணும். பிரிண்ட், ஃபிரேமுக்கு மூன்று நாள். ஆக 2-ஆம் தேதிக்குள் டிசைனுக்கு ஓகே வாங்கியிருக்கணும். அண்ணன் தம்பி எல்லாரும் பார்த்துச் சொல்ல இரண்டு நாள், போட்டோவைச் சரிசெய்ய மூன்று நாள். அப்படியானால் போட்டோ ஆகஸ்ட் 28-க்குள் வேண்டும். ஊரில் பீரோவில் இருக்கும் ஆல்பத்தை எடுக்க நாலு நாள் விட்டால், ஆர்டருக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 24. போஸ்டில் இப்படி எழுதுங்கள்: "செப்டம்பர் 10 முதல் 16 வரை கல்யாண நாளா? ஆர்டர் ஆகஸ்ட் 24-க்குள், போட்டோ 28-க்குள்." ஆகஸ்ட் 12-ஆம் தேதி வாக்கில் ஒரு போஸ்ட், 21-இல் நினைவூட்டல் ஒன்று போதும். அந்த ஏழு நாளில் முதலில் வரும் செப்டம்பர் 10-ஐ வைத்தே கணக்கிடுங்கள். நடுவில் ஞாயிறோ விநாயகர் சதுர்த்தியோ வந்தால் அதையும் கழியுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் நெருக்கமாக இருக்கும். அதனால் கல்யாண நாட்களும் அங்கேதான் குவியும். ஆடியில் கடை காற்று வாங்குகிறதே என்று போஸ்டை நிறுத்திவிடாதீர்கள், ஆவணி ஆர்டர் பிடிக்க வேண்டிய நேரம் அதுதான்.

ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே போனில் எடுத்தால் வெளிச்சம் பட்டு முகம் வெளுத்துவிடும். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இன்னும் சுருங்கி, பெரிய ஃபிரேமில் மங்கலாகத் தெரியும். உறையிலிருந்து எடுத்து, 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். 4x6 அங்குலப் போட்டோ அப்போது 12x18-க்கும் தாங்கும். இந்த வரியைப் போஸ்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

பிறந்தநாளில் சிக்கல் வேறு. சான்றிதழில் இருப்பது பள்ளியில் சேர்க்கக் கொடுத்த தேதியாக இருக்கலாம். அறுபதாம் கல்யாணத்தைத் தமிழ் மாதம், நட்சத்திரம் பார்த்து வைப்பார்கள். விழா என்றைக்கு, ஃபிரேமில் எந்தத் தேதி வரணும் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கடைசி நாள் தாண்டி வருபவருக்குப் பழைய போட்டோ வேலையை ஏற்காதீர்கள். போனில் இருக்கும் தெளிவான படத்தை வைத்து, கடைக்கே வந்து வாங்கிக்கொள்ளும் மக் ஒன்றைக் காட்டுங்கள்.