சுதந்திர தேவியும் ஈபிள் கோபுரமும் ஒரே படத்தில்: எந்த ஊர்?

கேள்வி: மாமான்ட மகன் பாரிஸில நிக்கிறன் எண்டு படம் அனுப்பியிருக்கிறார். பின்னால சுதந்திர தேவி சிலையும் ஈபிள் கோபுரமும் நிக்குது. சிலை அமெரிக்காவிலதானே? பொய்ப் படமா?

அவசரப்பட்டு மச்சானைப் பிடித்துவிடாதீர்கள். அந்த இரண்டும் சேர்ந்து விழுந்த மாதிரித் தெரிகிற படத்தை நியூயோர்க்கில்தான் எடுக்க முடியாது. பாரிஸ், டோக்கியோ, லாஸ் வேகாஸ் மூன்றிலும் எடுக்கலாம்.

பாரிஸில் செய்ன் ஆற்று நடுவே ஒடுங்கிய தீவு ஒன்று இருக்கிறது. அதன் நுனியில், கிரெனெல் பாலத்தடியில், 1889இல் கொடுக்கப்பட்ட சிறிய சுதந்திர தேவி நிற்கிறது. முகம் மேற்கே, கோபுரம் முதுகுப் பக்கம். ஆகவே முகமும் கோபுரமும் ஒன்றாக விழும். சிலையின் கையிலுள்ள பலகையைப் பெருப்பித்துப் பாருங்கள்: பாரிஸ் சிலையில் 1776, 1789 என்று இரண்டு ஆண்டுகள் இருக்கும். நியூயோர்க்கில் 1776 மட்டும், அதுவும் ரோம எண்ணில்.

டோக்கியோவின் ஒடைபாவில்தான் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். அங்கேயும் தண்ணீர், சிலை, பின்னால் கம்பிக் கோபுரம். ஆனால் அது 333 மீற்றர் டோக்கியோ கோபுரம். பகலில் செம்மஞ்சளும் வெள்ளையும். இரவில் நிறத்தை நம்ப வேண்டாம், போன் கமரா இரண்டு கோபுரத்தையும் ஒரே மஞ்சளாக்கிவிடும். பாலத்தைப் பாருங்கள். ஒடைபாவில் சிலைக்குப் பின்னால் உயர்ந்த வெள்ளைத் தூண்களில் தொங்கும் பாலம். கிரெனெல் பாலம் தட்டையானது, தாழ்வானது.

லாஸ் வேகாஸ் என்றால் கோபுரத்தின் காலைப் பாருங்கள். அசலின் நான்கு கால்களும் வெளியாக நிற்கும். அங்கே மூன்று கால்கள் சூதாட்ட மண்டபத்துக்குள் இறங்குகின்றன. சிலையோ போலி வானளாவிகளோடு ஒட்டி நிற்கிறது. "இதில் யார் ஏமாறுவார்" என்று கேட்க வருகிறவர்களுக்கு: அமெரிக்கத் தபால் துறையே 2010 டிசம்பரில் இந்த வேகாஸ் சிலையின் முகத்தை அசலென்று முத்திரையாக வெளியிட்டது. சுற்றாடலை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் எடுத்ததால் வந்த வினை. கிரீடத்தில் அசலில் இல்லாத நீள்சதுரத் தகடு இருந்ததை 2011இல்தான் கண்டுபிடித்தார்கள்.

இதெல்லாம் பார்க்கமுதல் தீப்பந்தம் வலக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இடக்கையில் இருந்தால் செல்பி கமரா படத்தைத் திருப்பியிருக்கிறது. இடம் வலம் எல்லாம் மாறிப் போயிருக்கும்.

பாரிஸை விடுங்கள், நம் கோணேசர் படுகிற பாடு வேறு. கர்நாடகத்து முருடேஸ்வர் சிவன் படத்தைப் போட்டு "திருகோணமலை" என்று பகிர்கிறார்கள், கீழே நம்மூர்ச் சனமே அரோகரா போடுகிறது. அங்கே சிலையோடு 20 மாடி இராசகோபுரம் நிற்கிறது, அது கண்ணில் படாதா? "சூரியன் கடலில் மறைந்தால் முருடேஸ்வர்" என்ற கணக்கும் சரிவராது. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில் நின்றால் மேற்குப் பக்கமும் குடாத் தண்ணீர் தெரியும்.