டீலர் வழியாக விதை விற்பவர்கள் கேட்டவை

“மக்காச்சோள டெமோ அருமையாக வந்தது. வயல் நாளுக்கு நல்ல கூட்டம். ஆனால் அடுத்த பருவத்தில் டீலரிடம் விதை நகரவில்லை. ஏன்?”

பக்கத்தில் அந்த விவசாயியின் வழக்கமான ரகம் இருந்ததா? நீங்கள் அதைச் சொல்லவில்லை, எனவே இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். தனியாக நிற்கும் நல்ல பயிரைப் பார்ப்பவர் “இவர் மண் நல்ல மண்” என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒரே வயல், ஒரே நாள் விதைப்பு, விவசாயி தானே போடும் உரம், பாதி புதியது, பாதி பழையது. இப்படி இல்லாத திடலை நான் டெமோ என்றே சொல்ல மாட்டேன்.

அப்புறம், எடை. ஒருமுறை இரண்டு ரகத்திலும் 4 வரிசை, 10 மீட்டர் நீளம் அறுத்தோம். வரிசைக்கு 60 செ.மீ. இடைவெளி என்பதால் ஒவ்வொன்றும் 24 சதுர மீட்டர். எல்லார் முன்னாலும் உதிர்த்து எடை போட்டோம். எங்கள் ரகம் 19 கிலோ, பழையது 17.8 கிலோ. கூட்டம் தலையாட்டியது. டீலர் மட்டும் எங்கள் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, “மணி குளிர்ச்சியா இருக்கே” என்றார். ஈரப்பதமானியில் பார்த்தால் எங்களுடையது 22 சதவீதம், பழையது 16. இரண்டையும் 14 சதவீதத்துக்குக் காய வைத்த கணக்குக்குக் கொண்டுவந்தால் 17.2 கிலோ, 17.4 கிலோ. எங்கள் ரகம் ஒரு துளி குறைவு!

அதை அங்கேயே சொன்னேன். அது வயது கூடிய ரகம், இன்னும் பத்து நாள் விட்டு அறுத்திருக்க வேண்டும். அந்த ரகம் அங்கே விற்கவில்லை. ஆனால் அடுத்த பருவத்தில் அதே டீலர் எங்கள் குறுகிய வயது ரகத்தைத் தானாகக் கேட்டு வாங்கினார்.

“நிறுவனம் 60 நாளில் பணம் கேட்கிறது. விவசாயி அறுவடை முடிந்துதான் தருவார். டீலர் என்ன செய்வது?”

110 நாள் பயிர், காய வைத்து விற்றுப் பணம் வர 130 நாள் ஆகிவிடும். நடுவில் 70 நாளை டீலர் தன் கைப்பணத்தில் சுமக்கிறார். அந்த நெருக்கடியில் மண்ணுக்கு ஏற்ற ரகத்தை விட்டுவிட்டு, எந்த நிறுவனத்தின் பில் கழுத்தை நெரிக்கிறதோ அதன் மூட்டையைத் தள்ளுவார். டீலர் தன் கொள்முதல் விலையையாவது ரொக்கமாக வாங்கிக்கொண்டு, லாபத்தை மட்டும் பாக்கி வைப்பது நல்லது. அப்போது பாக்கி வராமல் போனாலும் கடை நிற்கும்.

“நானும் டீலர்தான். கடன் இல்லை என்றால் விவசாயி பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். நான் வட்டியும் வாங்குவதில்லை.”

ரொக்க விலையும் கடன் விலையும் ஒன்றா?

“ஒன்றுதான். விளைச்சலை மட்டும் என்னிடம் கொடுக்க வேண்டும்.”

அப்படியானால் வட்டி உங்கள் தராசில் இருக்கிறது. அன்றைய சந்தை விலையைவிடக் குறைத்து எடுத்தால் விவசாயி அதை மனதில் வைத்திருப்பார்.

“நான் விவசாயி. பாக்கி இருந்தால் அந்தக் கடைத் தெருவிலேயே நடக்க மாட்டேன். ரொக்கம் வந்தால் வேறு கடைக்குத்தான் போவேன்.”

டீலர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கி பெரிதானால் பணத்தோடு வாடிக்கையாளரும் போய்விடுகிறார்.

“சந்தை தொலைவில் இருக்கும் ஊரில் விளைச்சலை வாங்க வேறு யார் இருக்கிறார்கள்? நான் வாங்குவது அவருக்கு உதவி இல்லையா?”

வண்டிக்கூலியைக் கணக்கிட்டால் உங்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எவ்வளவு கழிக்கிறீர்கள் என்பதை விதை கொடுக்கும் அன்றே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதற்கு மேல் எனக்கும் உங்களுக்கும் இதில் ஒத்துப்போகாது.

“உர டெமோ வைத்தோம், விற்பனை இல்லை. ஏன்?”

முதல் பதிலைப் படியுங்கள். உரம் போடாத பட்டை ஒன்று பக்கத்தில் வேண்டும். மண்ணில் அந்தச் சத்து ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் வித்தியாசம் தெரியாது, மண் பரிசோதனை பார்த்து வயலைத் தேர்ந்தெடுங்கள்.

“கருவி டெமோவுக்கும் பக்கத்தில் பழையது வேண்டுமா?”

வேண்டும். மூன்றாவது முறை சொல்கிறேன்.

“களை எடுக்கும் கருவி வாடகைக்கு எங்கே கிடைக்கும்?”

இங்கே விற்பனையைப் பற்றித்தான் பேசுகிறோம். வேளாண் பொறியியல் அலுவலகத்தில் கேளுங்கள்.

“விதை முளைக்கவில்லை என்று சண்டை. மழைதான் காரணம் என்கிறேன், நம்பவில்லை.”

மழை காரணமாக இருக்கலாம், ஆனால் சொன்னால் யார் நம்புவார்கள்? அதே லாட் எண் கொண்ட பிரிக்காத பையிலிருந்து 100 விதை எடுத்து, விவசாயி முன்னாலேயே ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். ஏழாம் நாள் இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். 90 வந்தால் வயலைப் பார்க்கலாம். 60 என்றால் கடையைப் பாருங்கள். உர மூட்டைக்குப் பக்கத்தில் ஈரமான தரையில் அடுக்கிய விதை அப்படித்தான் ஆகும். அன்றே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிறுவனத்திடம் லாட் எண்ணோடு எழுதிக் கேளுங்கள்.