அரசு–தனியார் பங்காளித்துவத்தில் நட்டம் யார் தலையில் விழும்? ஒப்பந்தம் ஏன் 25 வருடம்?

அரசு தனக்கு வேண்டிய சேவையைத் தனியாரைக் கட்டவைத்து, நடத்தவைத்து, பல வருடம் தவணையாகப் பணம் கொடுப்பதுதான் இது. முதல் போட்டவர் கடனை அடைத்து லாபம் பார்க்க நாளாகும். ஒப்பந்தக் காலம் நீள்வது அதனால்தான்.

தேக்காவில் ஒரு மெஸ்ஸுடன் மாதச் சாப்பாட்டுக்கு விலை பேசிவிட்டோம் என்று வையுங்கள். கேஸ் விலை ஏறினால் அது கடைக்காரர் கவலை. சாப்பாடு தயாராக இருந்தும் நாம் போகாவிட்டால், காசை நாம் கொடுத்தே ஆகவேண்டும். எந்த இடரை யார் நன்றாகச் சமாளிப்பாரோ அவரிடம் விடுவதே கணக்கு.

சிங்கப்பூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் துவாஸ்பிரிங் ஆலையைப் பாருங்கள். ஹைஃபிளக்ஸ் நிறுவனம் 2013 முதல் 25 வருடம், அரசின் தண்ணீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குத் தண்ணீர் தர ஒப்புக்கொண்டது. முதல் வருட விலை கன மீட்டருக்கு வெறும் 45 காசு. கூடவே மின்நிலையமும் கட்டி, மிச்ச மின்சாரத்தை விற்றுச் சம்பாதிக்க நினைத்தார்கள். மின்சார விலை சரிந்தது, நட்டம் குவிந்தது. அந்தச் சந்தை இடர் முழுக்க நிறுவனத்துடையது; தண்ணீர் விலையை அதற்காக ஏற்றவில்லை. ஆனால் 2019 மே மாதம் ஆலையைக் கழகமே எடுத்துக்கொண்டது. என் பார்வையில் பாடமே இங்குதான்: பண இடரைக் கைமாற்றலாம், குழாயில் தண்ணீர் வரவேண்டிய பொறுப்பைக் கைமாற்ற முடியாது.

அப்புறம், இதைத் தனியார்மயம் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர்க் கட்டணத்தை மக்களிடம் வாங்குவது அப்போதும் கழகம்தான்.