டப்பாவில் இருப்பது கிராஃபீன்தானா?

கேள்வி: கிராஃபீன் தலையணை உறை உடம்பு வலியை இழுத்துவிடும் என்றார்கள். 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு மாதம் ஆகியும் வலி அப்படியே இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் பார்க்கலாம்? (வாசகி, திருநகர்)

பதில்: ஒரு நாளும் வேண்டாம், பில்லை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பென்சில் முனையும் கார்பன், கிராஃபீனும் கார்பன். இரண்டுக்கும் ஏன் இவ்வளவு விலை வித்தியாசம் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. (ஆசிரியை, மேலூர்)

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். அவனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். கார்பன் அணுவுக்கு வெளிப்புறத்தில் நான்கு எலக்ட்ரான்கள். அவற்றில் மூன்று, பக்கத்திலுள்ள மூன்று கார்பன்களை ஒரே தளத்தில் 120 டிகிரி கோணத்தில் இறுக்கிப் பிடிக்கின்றன. அப்படிப் பிடித்துப் பிடித்துத் தேன்கூடு போல ஒரு தாள் உருவாகிறது. அணுவுக்கும் அணுவுக்கும் இடைவெளி 0.142 நானோமீட்டர், வைரத்தில் இருப்பதைவிடவும் நெருக்கம். பலம் எல்லாம் இந்தப் பிடியில்தான். நான்காவது எலக்ட்ரான் எந்த ஒரு பிணைப்பிலும் கட்டுப்படாமல், தாளின் மேலும் கீழும் முழுப் பரப்பிலும் பரவி நிற்கிறது. மின்சாரத்தைக் கடத்துவது அதுதான். இந்த ஒற்றைத் தாளுக்குப் பெயர்தான் கிராஃபீன். இதையே சுருட்டிக் குழலாக்கினால் கார்பன் நானோகுழாய்.

பென்சில் முனையில் உள்ள கிராஃபைட்டிலும் இதே தாள்தான் இருக்கிறது. ஆனால் அதில் தாள் மேல் தாளாக அடுக்கியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கிராஃபைட்டில் சுமார் 30 லட்சம் தாள்கள். ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே உண்மையான பிணைப்பே கிடையாது, லேசான ஒட்டுதல் மட்டும்தான். அதனால்தான் காகிதத்தில் தேய்த்தவுடன் அடுக்கடுக்காக வழுக்கி வந்து எழுத்தாகிறது. இவ்வளவு பலமான தாள்களை இவ்வளவு பலமில்லாமல் அடுக்கிய பொருள் அது. ஆக, கிராஃபீன் விலை கார்பனுக்கான விலை இல்லை. அந்த அடுக்கைக் கிழிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரிக்கும் வேலைக்கான விலை.

கேள்வி: சொந்தமாக ஃபைபர் தொட்டி செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன், உதவிக்கு ஒரு ஆள். 'இரும்பைவிட 200 மடங்கு பலம்' என்று சொல்லி ஒரு கிலோ கிராஃபீன் பவுடரை 18,000 ரூபாய்க்குத் தந்தார்கள், இரண்டு லிட்டர் டப்பாவில் வந்தது. 5 கிலோ ரெசினுக்கு 100 கிராம் கலக்கச் சொன்னார்கள், கலந்தேன். கறுப்பானதே தவிர எப்போதும் போலவே ஊற்ற வந்தது. அரை மணியில் இறுகுவது இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. மோல்டிலிருந்து கழற்றும்போது விளிம்பில் விரிசல். கேட்டால், அதற்குப் பதில் நானோகுழாய் பவுடர் தருகிறேன், மேலே 10,000 கொடுங்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகர், கப்பலூர்)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வந்தது கிராஃபீன் இல்லை, பெரும்பாலும் சாதாரண கிராஃபைட் தூள். கிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சரக்கு. எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், நீங்களே இரண்டு சாட்சி எழுதியிருக்கிறீர்கள்.

முதல் சாட்சி டப்பா. நன்றாகப் பிரிந்த கிராஃபீன் தூள் இலவம்பஞ்சு மாதிரி பொங்கி நிற்கும். ஒரு கிலோவுக்குப் பொதுவாகப் பத்து லிட்டர் வாளியே பற்றாது. அழுத்திக் கட்டி விற்பதும் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் இரண்டு லிட்டரில் ஒரு கிலோ அடங்கியதுமே சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது சாட்சிதான் முக்கியம்: ரெசின் எப்போதும் போல ஊற்ற வந்தது. ஒரு கிராம் ஒற்றைத் தாள் கிராஃபீனின் இரண்டு பக்கத்தையும் விரித்தால் சுமார் 2,630 சதுர மீட்டர். நீங்கள் போட்ட 100 கிராமும் அப்படிப்பட்டதாக இருந்திருந்தால் 2,63,000 சதுர மீட்டர், அதாவது 65 ஏக்கர். 5 கிலோ ரெசினை 65 ஏக்கர் வயலுக்குப் பாய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். தாள்களை நனைக்கவே எல்லா ரெசினும் போயிருக்கும். வாளியில் ஊற்ற ஒன்றும் மிஞ்சாது, தார் மாதிரி கெட்டியாகியிருக்கும். பத்து அடுக்குத் தாளாகவே இருந்தாலும் ஆறரை ஏக்கர், அப்போதும் கெட்டிப்பு நன்றாகவே தெரியும். ஒன்றுமே ஆகவில்லை என்றால் தாள்கள் பிரியவே இல்லை என்று அர்த்தம். அது மட்டுமில்லை. நூற்றுக்கு இரண்டு கலக்கச் சொன்னவருக்கு உண்மையான கிராஃபீனைக் கலந்த பழக்கமே இருக்க வாய்ப்பில்லை.

விரிசலுக்கு வருகிறேன். பாலியெஸ்டர் ரெசினை இறுக்குவது நீங்கள் ஊற்றும் பெராக்சைடு கேட்டலிஸ்ட். நுண்ணிய கார்பன் தூள் அந்த வேலையைத் தடுக்கக்கூடும். விரிசல் விட்ட இடத்தில் பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் ரெசின் உள்ளே வேகவில்லை. கலக்கும்போது சேர்ந்த காற்றுக் குமிழிகளும் விளிம்பில் இருக்கும், வெட்டிப் பார்த்தால் தெரியும்.

அந்த '200 மடங்கு' விஷயத்தைப் பற்றி நான் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். எண் பொய்யில்லை. 2008-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒற்றைக் கிராஃபீன் தாளைக் குத்திப் பார்த்து அளந்தார்கள். சுமார் 130 கிகாபாஸ்கல் வந்தது. நம் கட்டடக் கம்பியைவிட 200 மடங்குக்கும் மேல்தான். ஆனால் அவர்கள் குத்திய தாளின் அகலம் ஒன்று ஒன்றரை மைக்ரான், அணு ஒன்றுகூடக் குறையாத தாள். அந்த எண்ணை எடுத்து ஒரு டப்பா தூளின் மேல் ஒட்டுவது மோசடி. தூளை ரெசினில் போட்டால் சுமை ரெசினிலிருந்து தாளுக்குப் போக வேண்டும். நடுவில் இருப்பது அதே லேசான ஒட்டுதல்தான். தாள் அறுவதற்கு வெகு முன்பே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சரி, ஒட்டுதலைக் கூட்டுவோம் என்று தாளின் மேல் வேறு அணுக்களை ரசாயன முறையில் கட்டினால், சும்மா பரவியிருந்த நான்காவது எலக்ட்ரான் அந்தக் கட்டுக்குப் போய்விடுகிறது. அந்த இடத்தில் தட்டையான தாள் மேடு தட்டுகிறது, மின்சாரமும் தடைபடுகிறது. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். அப்புறம், தாள்கள் ஒன்றையொன்று பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். பிரித்து வைத்ததை மறுபடி அடுக்காக விடாமல் வைத்திருப்பதே பெரிய பாடு.

நானும் இதில் பணம் விட்டிருக்கிறேன். மூன்று வருடம் முன்பு என் காருக்கு 'கிராஃபீன் கோட்டிங்' என்று ஒரு சின்ன பாட்டிலை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது, சந்தோஷப்பட்டேன். இரண்டு மழைக்குப் பிறகு ஒன்றும் இல்லை. தண்ணீரை அப்படி உருட்ட மெழுகும் சிலிகோனும் போதும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாட்டிலில் கிராஃபீன் எவ்வளவு, எத்தனை அடுக்கு என்று ஒரு எழுத்து கிடையாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. 2018-இல் உலகம் முழுக்க 60 நிறுவனங்கள் விற்ற கிராஃபீன் தூளைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பத்து அடுக்கு வரை உள்ளதைக் கிராஃபீன் என்று சேர்த்துக்கொண்டும், பெரும்பாலானவற்றில் அது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. பாதியைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் கிராஃபைட் துணுக்கு. ஆகவே நீங்கள் ஏமாந்தது உங்கள் அறியாமையால் இல்லை.

நானோகுழாய் பவுடரும் வேண்டாம். அது சிக்கு விழுந்த முடி மாதிரி முடிச்சு முடிச்சாக வரும். சாதாரண கலக்கியால் அவிழாது, முடிச்சுகள் தொட்டிக்குள் விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். குழாயோடு குழாயும் வழுக்கத்தான் செய்யும். அதனால்தான் நல்ல ஆய்வகங்களில் நூற்ற நானோகுழாய் நூல்கூட ஒற்றைக் குழாயின் பலத்தில் சிறு பங்கைத்தான் எட்டுகிறது. தூசியாகப் பறந்தால் நுரையீரலுக்குக் கெடுதல். அதில் ஒரு வகை புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2014-இல் வகைப்படுத்தியிருக்கிறது. மின்விசிறி ஓடும் பட்டறையில் அதைத் திறக்கவே திறக்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. மிச்சத் தூளை அப்படியே மூடி வையுங்கள். பில், போனில் வந்த செய்திகள், விரிசல் விட்ட துண்டு எல்லாம் பத்திரம். அடுக்கு எண்ணிக்கைக்கு என்ன சோதனை அறிக்கை என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் கண்டுபிடித்த ஒளிச்சிதறலை வைத்தே இதைப் பார்க்கலாம். ராமன் வரைபடத்தில் 2,700-க்குப் பக்கத்தில் வரும் முகடு, ஒற்றைத் தாளென்றால் கூர்மையாக உயர்ந்து நிற்கும், கிராஃபைட்டில் அகன்று தோள் வைத்திருக்கும். 1,350-இல் முகடு பெரிதாக இருந்தால் தாள் கிழிந்திருக்கிறது, அல்லது துணுக்குகள் மிகச் சிறியவை. ஒரே இடத்தில் எடுத்த வரைபடம் போதாது, பல துணுக்குகளில் எடுத்திருக்க வேண்டும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியிலோ பல்கலைக்கழகத்திலோ கட்டணத்துக்குச் சோதிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அறிக்கை தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். பயப்படாதீர்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவரை 2019 சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. புகாருக்கு இரண்டு வருடம் கெடு. தொட்டிக்குப் பலம் வேண்டுமென்றால் இன்னொரு அடுக்கு கண்ணாடி மேட் போடுங்கள், அது கைகண்ட வழி.

கேள்வி: 'கிராஃபீன் பேட்டரி' என்று எழுதியிருந்ததால் லித்தியம் என்று நினைத்து மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன். 14 மாதத்தில் பாதித் தூரம்கூடப் போகவில்லை. வாரண்டி அட்டையை இப்போதுதான் படித்தேன், ஒரு வருடம்தான். (வாசகர், அண்ணாநகர்)

பதில்: அட்டையை வாங்கிய அன்று படித்திருக்க வேண்டும். பேட்டரியைத் தூக்கிப் பார்த்திருந்தாலே கனம் சொல்லியிருக்கும். பக்கவாட்டில் Pb என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது ஈய அமிலப் பேட்டரி. தட்டில் பூசும் ஈயக் கலவையில் மின்சாரம் ஓட வழியாகக் கொஞ்சம் கார்பன் சேர்ப்பார்கள். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இந்தப் பெயர். லித்தியம் என்று விளம்பரத்திலோ பில்லிலோ எழுதியிருந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள், உதவுகிறேன்.

கேள்வி: கீழடிப் பானையில் நானோகுழாய் இருந்ததாமே. அதே முறையில் செய்த 'நானோ பானை' என்று 1,500 ரூபாய்க்கு ஒருவர் விற்கிறார். உண்மையா? (வாசகி, சிலைமான்)

பதில்: கீழடிச் செய்தி உண்மை. பானை ஓட்டின் உட்புறக் கறுப்புப் பூச்சில் நானோகுழாய்கள் இருப்பதை ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். சுமார் 2,600 வருடம் மண்ணில் கிடந்தும் பூச்சு உரியவில்லை. ஆனால் அவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடிக் கண்டவை, சூளையில் கார்பன் வெந்தபோது உண்டானவை. குயவர் குழாயைக் குறிவைத்துச் செய்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. இந்தப் பானையில் குழாய் இருக்கிறது என்பதற்கு நுண்ணோக்கிப் படம் காட்டச் சொல்லுங்கள். படம் இல்லையென்றால் மண்பானைக்கு உரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள். தண்ணீர் குளிர்வது மண்ணின் துளைகளால், அது 150 ரூபாய்ப் பானையிலும் நடக்கும்.