‘ஆய்வுத்திறன்’ என்றால் எத்தனை மார்க்?

கேள்வி: கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். சுற்றுச்சூழல் பாடத்தில் மாணவர்களுக்குக் கொடுத்திருக்கும் அசைன்மென்ட் தாளில் இருப்பது இவ்வளவுதான்: ‘பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நேரில் பார்வையிட்டு, அதன் இன்றைய நிலைக்கான காரணங்களை ஆய்ந்து, 1500 சொற்களுக்கு மிகாமல் அறிக்கை எழுதுக. உள்ளடக்கம், ஆய்வுத்திறன், வெளிப்பாடு, படைப்பாற்றல் அடிப்படையில் 20 மதிப்பெண்.’ நானும் இன்னொரு ஆசிரியையும் ஆளுக்கொரு பிரிவு திருத்துகிறோம். போன வருஷம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்த அறிக்கைக்கு நான் 12 போட்டேன், அவர் 17 போட்டார். இப்போது துறைத் தலைவர், எந்தத் தரத்துக்கு எத்தனை மார்க் என்று கட்டம் கட்டமாகச் சொல்லும் ரூப்ரிக் அட்டவணை கேட்கிறார். இந்த நான்கு வார்த்தைகளை வைத்துக்கொண்டு எப்படிப் போடுவது? சமர்ப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.
— ஓர் ஆசிரியை, சென்னை

பதில்: அந்த நான்கு வார்த்தைகளைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். உங்களுக்கு வேண்டியது தாளின் முதல் வாக்கியத்தில் இருக்கிறது. ‘நேரில் பார்வையிட்டு’, ‘காரணங்களை ஆய்ந்து’, ‘அறிக்கை எழுதுக’ என்று மாணவர் செய்ய வேண்டிய மூன்று வேலைகளை அது சொல்லிவிடுகிறது. அட்டவணையின் வரிசைகள் இந்த வேலைகளிலிருந்து வரட்டும். தாளில் உள்ள நான்கு பெயர்களை அப்படியே தலைப்பாக வைத்துக்கொள்ளலாம்; மாணவர் கையில் இருப்பது அந்தப் பெயர்கள்தானே.

அப்படிப் பார்த்தால் உள்ளடக்கம் என்பது அவர் அங்கே போய் என்ன பார்த்தார் என்பது. அதற்கு 6 மார்க். ஆய்வுத்திறன் என்பது காரணங்களை அவர் கையாண்ட விதம். தாள் முக்கியமாகக் கேட்பதே இதைத்தான் என்பதால் 8. அறிக்கையின் அமைப்பும் மொழியும் வெளிப்பாடு, 4. மீதி 2 படைப்பாற்றலுக்கு. அந்தத் தொல்லைக்குப் பிறகு வருகிறேன்.

இனி கட்டங்களை நிரப்ப வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். ‘மிகச் சிறப்பாக ஆய்ந்துள்ளார், நன்றாக ஆய்ந்துள்ளார், ஓரளவு ஆய்ந்துள்ளார்’ என்று எழுதிவிட்டு அட்டவணை முடிந்தது என்பார்கள். பழைய குழப்பத்தை நான்கு கட்டத்தில் பிரித்துப் போட்டதுதான் மிச்சம். உங்கள் ‘நன்றாக’ வேறு, உங்கள் சக ஆசிரியையின் ‘நன்றாக’ வேறு. அந்த 12-க்கும் 17-க்கும் நடுவில் இருந்தது அந்த வேறுபாடாகத்தான் இருக்கும்.

இதற்குப் பதிலாக, போன வருஷ அறிக்கைகளில் நல்லது ஒன்று, சுமாரானது ஒன்று, மோசமானது ஒன்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இதில் இருக்கும் எது அதில் இல்லை என்று கேளுங்கள். சுமாரான மாணவர் பெருங்குடி குப்பைக் கிடங்கு, கட்டடங்கள், சாலைகள் என்று காரணங்களை வரிசையாக அடுக்கியிருப்பார். அவரைவிடக் கொஞ்சம் தேறியவர், கிடங்கிலிருந்து கசியும் அழுக்கு நீர் சதுப்புக்குள் இறங்கித் தண்ணீரைக் கெடுக்கிறது என்று ‘எப்படி’ என்பதையும் சொல்லியிருப்பார். நல்ல அறிக்கை இன்னும் ஒரு படி போகும். கட்டடங்களால் சதுப்பு சுருங்கியது, அதனால் தென் சென்னை ஏரிகளின் உபரி நீர் தங்க இடம் குறைந்தது, அந்த நீர் வெளியேற நம்பியிருக்கும் ஒக்கியம் மடு என்ற நீர்வழியும் நெருக்கப்பட்டால் மழைக்காலத்தில் வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் தேங்குகிறது என்று ஒன்றோடொன்றைக் கோத்துக் காட்டும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க முடிகிறது. எனவே அதை அப்படியே எழுதலாம்:

| ஆய்வுத்திறன் | கட்டத்தில் எழுத வேண்டியது |
|---|---|
| 7–8 | காரணங்கள் ஒன்றையொன்று எப்படித் தூண்டுகின்றன என்று தொடர்புபடுத்துகிறார் |
| 5–6 | ஒவ்வொரு காரணமும் எப்படிப் பாதிக்கிறது என்று விளக்குகிறார். அவற்றுக்கிடையே தொடர்பு காட்டவில்லை |
| 3–4 | காரணங்களைப் பட்டியலிடுகிறார். எப்படி என்ற விளக்கம் இல்லை |
| 0–2 | நிலையை வர்ணிக்கிறார். காரணத்துக்குப் போகவே இல்லை |

முதல் கட்டத்தில் ‘நேரில் பார்த்ததைச் சான்றாகவும் வைக்கிறார்’ என்று முதலில் சேர்த்திருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். தொடர்பு காட்டுகிறார், ஆனால் சான்று இல்லை என்று ஒரு தாள் வந்தால் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? ஒரே கட்டத்தில் இரண்டு விஷயம் இருந்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். நேரில் பார்த்தது உள்ளடக்க வரிசைக்குப் போகட்டும். அங்கே மேல் கட்டத்தில் ‘எந்த இடம், எந்த நாள், எந்த நேரம் என்று குறிப்பிட்ட சொந்தக் கவனிப்புகள் அறிக்கை முழுவதும் வருகின்றன’ என்றும், கீழ்க் கட்டத்தில் ‘போகாமலேயே எழுதக்கூடிய தகவல்கள் மட்டுமே உள்ளன’ என்றும் போடலாம். ‘பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் தளமானது’ என்பது சரியான தகவல்தான். ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிடலாம். ‘குறைந்தது மூன்று கவனிப்புகள்’ என்று எண் போடும் ஆசை வரும். போட்டால் எல்லாரும் உயிரில்லாத மூன்று வரி எழுதி வாங்கிவிடுவார்கள். அதனால் நான் எண் போடுவதில்லை.

இதேபோல மொழிப் பிழைக்கு வெளிப்பாட்டில் மட்டும் மார்க் குறையுங்கள். வாக்கியம் தடுமாறினாலும் கருத்தில் தொடர்பு இருந்தால் ஆய்வில் 7 கொடுக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் ஒரே குறைக்கு ஒரு பிள்ளை இரண்டு தடவை தண்டனை வாங்கும்.

படைப்பாற்றலுக்கு வருகிறேன். தாளை எழுதியவர் யாரோ, அவரிடம் இதற்கு என்ன அர்த்தம் வைத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் (நடப்பதுதான்), ‘வகுப்பில் சொல்லாத ஒரு கேள்வியைத் தானே எழுப்பி விடை தேடியிருக்கிறார்’ என்று வையுங்கள். தேடியிருந்தால் 2, எழுப்பி விட்டுவிட்டால் 1, இல்லையென்றால் 0. இரண்டு மார்க்குக்கு நான்கு கட்டம் போட்டால் அரை மார்க் சண்டைதான் வரும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். தாளில் இல்லாத புது அளவுகோல் எதையும் நுழைக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஸ்பைரல் பைண்டிங் போட்டு, கலர் படம் ஒட்டிக் கொடுத்த அறிக்கைகளுக்கெல்லாம் ஒன்றிரண்டு மார்க் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டங்களை வரிவரியாக எழுதிய பிறகுதான், அந்த மார்க்குக்கு எந்த வரிசையிலும் இடமில்லை என்று தெரிந்தது.

அப்புறம் ஒத்திகை. போன வருஷ அறிக்கைகளில் ஆறு எடுங்கள், பெயரையும் பழைய மார்க்கையும் மறையுங்கள். நீங்களும் அந்த ஆசிரியையும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாகத் திருத்துங்கள். மொத்தத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். இருவரும் 13 போட்டிருப்பீர்கள். ஆனால் ஆய்வுக்கு ஒருவர் 7, இன்னொருவர் 4 கொடுத்து, உள்ளடக்கத்தில் அது ஈடுகட்டியிருக்கும். வரிசை வரிசையாக ஒப்பிடுங்கள். ஒரே வரிசையில் மறுபடி மறுபடி வேறு வேறு கட்டத்தில் விழுகிறீர்கள் என்றால், அந்தக் கட்டத்தில் உள்ள எந்தச் சொல்லை இருவரும் வேறு மாதிரிப் படித்தீர்கள் என்று தேடி அதை மாற்றுங்கள். 7-ஆ 8-ஆ என்பதற்கெல்லாம் மெனக்கெட வேண்டாம். ஒரே கட்டத்துக்குள் ஒரு மார்க் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

ஒத்திகைக்கு ஒரு பிற்பகல் போதும். இந்த வாரத்திலேயே முடித்து, இரண்டு பிரிவு மாணவர்களுக்கும் ஒரே நாளில் அட்டவணையைக் கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கரணைக்கு இன்னும் போகாதவர்கள், என்ன பார்த்துக் குறிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக நேரம் இருக்கும்.