டிஸ்கனெக்ட் செய்தால் அனுமதி ரத்தாகாது

“வீடு பாறசாலை, கடை களியக்காவிளை. என் கிரிப்டோ வாலட்டிலிருந்து யுஎஸ்டிடி எடுக்க ஒரு தளத்துக்கு அன்லிமிடெட் அப்ரூவல் கொடுத்தேன். நேற்று யுஎஸ்டிடி முழுவதும் போய்விட்டது, ஈதர் மட்டும் இருக்கிறது. டிஸ்கனெக்ட் செய்துவிட்டேன், போதுமா?”

போதாது, அண்ணாச்சி. நீங்கள் கொடுத்த அனுமதி டோக்கன் ஒப்பந்தத்திலேயே பதிவாகியிருப்பதால், தளத்தைத் துண்டித்த பிறகும், இனி நீங்கள் போடும் யுஎஸ்டிடியையும் அந்தத் தளத்தை நடத்துபவர்களால் எடுக்க முடியும். ஈதர் மிஞ்சியிருப்பது வாலட்டையே மீட்டெடுக்க உதவும் சீட் சொற்கள் திருடுபோகவில்லை என்பதற்கு நல்ல அடையாளம். அவை கிடைத்திருந்தால் அதையும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள். உறுதிசெய்துகொள்ள, etherscan.io தளத்தில் பணம் போன பரிவர்த்தனையைத் திறந்து, மேலே From என்ற இடத்தில் உங்கள் முகவரி இருக்கிறதா, வேறொன்று இருக்கிறதா என்று பாருங்கள். வேறொன்று இருந்தால் அனுமதியே காரணமாக இருக்கக்கூடும்.

ரத்து செய்ய, revoke.cash என்று நீங்களே தட்டச்சு செய்து போங்கள், ஏனெனில் தேடலில் வரும் விளம்பரங்களில் போலிகள் உண்டு. வாலட்டை இணைத்ததும் Unlimited என்று காட்டும் வரியில் Revoke அழுத்துங்கள். அது அனுமதித் தொகையைப் பூஜ்ஜியமாக்கும் ஒரு பரிவர்த்தனை என்பதால், கேஸ் கட்டணத்துக்கு அந்த ஈதர் வேண்டும். பாலிகான் போன்ற வேறு பிளாக்செயின் சங்கிலிகளில் கொடுத்த அனுமதிகளைத் தனித்தனியாகத்தான் நீக்க வேண்டும்.

போன தொகை இதனால் திரும்பாது என்பது வருத்தமான உண்மை. இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைக் கொடுங்கள், cybercrime.gov.in தளத்தில் புகாரளிக்கும்போது வீடு இருக்கும் கேரளத்தைத் தேர்ந்தெடுங்கள். மீட்டுத் தருவதாகத் தனிச்செய்தியில் வருபவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.